இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம்

எம்.டெக் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்துக்கு எங்கள் துறையில் யாரும் பயப்பட மாட்டார்கள். முதல் அத்தியாயத்துக்குப் பயப்படுவார்கள், அதில் நாமாக ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டும். நான்காவதுக்குப் பயப்படுவார்கள், அதில் கணக்கு ஒழுங்காக வர வேண்டும். இரண்டாவதில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தொகுத்தால் போதும் என்று நினைப்பு. என் உயிரை வாங்கியது அந்த இரண்டாம் அத்தியாயம்தான்.

விஷயம் இதுதான். ஒரு கட்டடம் வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று கட்டுவதற்கு முன்பே கணினியில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கட்டி முடித்து ஆட்கள் வந்த பிறகு மீட்டர் வேறொரு எண்ணைச் சொல்கிறது. பெரும்பாலும் அது கூடுதலாகத்தான் இருக்கும். இந்த இடைவெளி ஏன் வருகிறது என்று உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். குவித்ததைப் படித்து, யார் யார் என்ன கண்டார்கள், எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே இடிக்கிறது, என் வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்வதற்குப் பெயர் லிட்ரேச்சர் ரிவ்யூ.

வீட்டில் இதை விளக்கப் போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மும்பை தாராவியில் தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் வீடு. அம்மா பக்கத்துத் தெருவில் ஒரு தையல் பட்டறையில் சூப்பர்வைசர். யாருடைய வேலையாக இருந்தாலும் இத்தனை நாளில் முடிய வேண்டும் என்று கெடு வைப்பவள்.

"ஏட்டி, அடுத்தவன் எழுதுனத படிச்சிட்டு அதயே திருப்பி எழுதுததுக்கா இம்புட்டு நாளு?" என்றாள்.

"எம்மா, சும்மா எழுதுதது இல்ல. சரிபாக்கணும்."

"அவன் எழுதுனத சரிபாக்க நீ யாரு? ஒன்ட்ட யாரு கேட்டா?"

"என் கைடு கேக்காவ."

"அந்த மேடத்துக்கு வேற பொழப்பு இல்ல போல," என்று சொல்லிவிட்டு அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அன்றைக்கு எனக்கு அம்மா சொன்னது சரியென்றே பட்டது.

மேடம் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான். அறைக்குள் நானும் அவரும் மட்டும் இருந்தால் தமிழ் வரும். அந்தத் தமிழில் திட்டு வாங்கினால் ஆங்கிலத்தில் வாங்குவதைவிடக் கொஞ்சம் அதிகமாக உறைக்கும். கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று பாடம் எடுப்பவர், சொந்த அறையில் ஏசியைக் குறைக்க வழியில்லாமல் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மாடி முழுவதற்கும் ஒரே கட்டுப்பாடு, அது யார் கையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. இதைச் சொல்லிச் சிரித்தால் அவருக்குப் பிடிக்காது.

எனக்கு அந்தப் பருவத்திலேயே ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாக வேண்டும். செம்பூரில் பசுமைக் கட்டடங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. கட்டி முடித்த கட்டடங்களின் மீட்டர்களைப் படித்து ஏன் இப்படி என்று கண்டுபிடிக்கும் வேலை. நான் ஆசைப்பட்டதே அதற்குத்தான். முன்பு ஒரு அலுவலகத்தில் அடுத்தவர்கள் கிறுக்கித் தந்ததை வரைபடமாக்கிக்கொண்டு கிடந்தேன். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்க வந்திருந்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன் என்ற சான்று வரும்வரை காத்திருப்பதாகச் செம்பூர்க்காரர்கள் சொன்னார்கள், அடுத்த பருவம்வரை முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். சமர்ப்பிக்கும் முன்பு ஒரு செமினார் உண்டு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து அத்தியாயம் அத்தியாயமாகக் குடைவார். அதில் திருப்பி அனுப்பினால் ஆறு மாதம் போச்சு, செம்பூரும் போச்சு.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவருக்கு முந்தைய வருஷத்தவர் ஒரு ஃபைல் தருவார். சீனியர் ஃபைல் என்றே அதற்குப் பெயர். ஒவ்வொரு வருஷத்து மாணவரும் தன் இரண்டாம் அத்தியாயத்தை அதில் சேர்த்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அதிலிருந்து எடுத்து, வார்த்தைகளை மாற்றி, இரண்டு புதிய கட்டுரைகளைச் செருகித் தன்னுடையதாக்கிக் கொள்வார். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றில் ஆய்வேட்டைப் போட்டுப் பார்ப்பார்கள் என்பதால், வார்த்தையை மாற்றுவது மட்டும் கட்டாயம். இதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி இரவல் வாங்குகிற மாதிரி.

அந்த ஃபைலில் ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. கட்டடங்கள் கணிப்பைவிடப் பல மடங்கு மின்சாரம் எடுக்கின்றன என்ற பொருளில், மேற்கோள் குறிக்குள், ஒரு பழைய வெளிநாட்டு அறிக்கையின் பெயரோடு அது இருந்தது. மேற்கோள் குறிக்குள் இருப்பதை அந்த மென்பொருள் விட்டுவிடும். அதனால் அந்த வாக்கியம் அப்படியே வருஷக்கணக்காக இறங்கி வந்திருந்தது. கேட்கவும் ஜோராக இருந்தது, அத்தியாயத்தைத் தொடங்க அதைவிட நல்ல வரி கிடைக்காது. நானும் அதையேதான் முதலில் வைத்தேன்.

அதற்குக் கீழே என் சொந்தச் சரக்காக ஒரு அட்டவணை போட்டேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி. எந்த நாடு, எந்த வகைக் கட்டடம், கணித்தது எவ்வளவு, அளந்தது எவ்வளவு, இடைவெளி எத்தனை சதவீதம். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி. அதைப் பட்டை வரைபடமாக்கி மூன்று வண்ணம் கொடுத்தேன். அந்த வரைபடத்தை நான் எத்தனை தடவை திறந்து பார்த்து ரசித்தேன் என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

மேடம் அந்த வரைபடத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. முதல் வாக்கியத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"பேஜ் நம்பர் எங்கே?"

"அது எல்லார் தீசிஸ்லயும் இப்படித்தான் இருக்கு மேடம்."

"எல்லார் தீசிஸையும் நான் இப்போ திருத்திண்டிருக்கேனா? அடுத்தவா சொன்னதைக் கொட்டேஷன்ல போட்டா பேஜ் நம்பர் வேணும். இல்லேன்னா கொட்டேஷனை எடு. எடுத்தா சாஃப்ட்வேர் பிடிக்கும். யோசிச்சுக்கோ."

செமினாருக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு பக்க எண்ணுக்காக இத்தனை பேச்சா என்று மனதுக்குள் வைதுகொண்டே நூலகத்துக்குப் போய் அந்த அறிக்கையைத் தேடி இறக்கினேன். மொத்த ஃபைலிலும் அதைத் திறந்து பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த வாக்கியத்தை அதில் தேடினேன். இல்லை. வேறு சொற்களில் தேடினேன். அப்படியும் இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன்.

அறிக்கையில் கணிப்பு என்று சொல்லப்பட்டது, அனுமதி வாங்குவதற்காகப் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் குளிரூட்டல், வெப்பமூட்டல், காற்றோட்டம், வெந்நீர், விளக்கு இவை மட்டும்தான் சேரும். லிஃப்ட் சேராது, கணினிகள் சேராது, கேன்டீன் அடுப்பு சேராது. ஆட்கள் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவார்கள் என்பதும் எல்லாக் கட்டடத்துக்கும் பொதுவாக வைத்த ஒரு அனுமானம். அளந்தது என்று சொல்லப்பட்டதோ மொத்தக் கட்டடத்தின் மீட்டர். லிஃப்டும் கணினியும் கேன்டீனும் எல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று அறிக்கை எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள். அந்த எச்சரிக்கையைத்தான் எங்கள் ஃபைல் வருஷக்கணக்காக முழுங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அட்டவணையில் இருந்த மற்ற கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒருவர் அனுமதிக் கணக்கைக் கணிப்பு என்கிறார். இன்னொருவர் லிஃப்ட், கணினி எல்லாம் சேர்த்து, அந்தக் கட்டடம் உண்மையில் எப்படி ஓடும் என்று யோசித்துப் போட்ட கணக்கைக் கணிப்பு என்கிறார். மூன்றாமவர் மின்கட்டண ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதோடு ஒத்துப்போகும்வரை கணினி மாடலைத் திருத்திவிட்டு, பார் எவ்வளவு நெருங்கிவிட்டது என்கிறார். ரசீதைப் பார்த்துவிட்டுச் சொல்வது எப்படிக் கணிப்பாகும்? சதவீதத்திலும் கோளாறு. மீட்டர் கணிப்பைப் போல இரண்டு மடங்கு காட்டினால், கணிப்பால் வகுப்பவருக்கு இடைவெளி நூறு சதவீதம், மீட்டர் எண்ணால் வகுப்பவருக்கு ஐம்பது. என் அட்டவணையில் இருவரும் ஒரே நெடுவரிசையில் சமமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பரப்பளவு வந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சதுர மீட்டருக்கு இவ்வளவு மின்சாரம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் எந்தச் சதுர மீட்டர்? ஒருவர் ஏசி போட்ட இடத்தை மட்டும் எடுக்கிறார். இன்னொருவர் மாடிப்படி, வராந்தா, கார் நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் சேர்க்கிறார். பெரிய எண்ணால் வகுத்தால் விடை சின்னதாகத்தான் வரும். தாராவியில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சுவருக்குள் இருக்கும் கார்ப்பெட் ஏரியா வேறு, சுவரையும் சேர்த்த பில்ட்-அப் வேறு, படிக்கட்டையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் வேறு என்று சொல்வார்கள். புதுக் கட்டடத்தில் வீடு தருகிறோம் என்று பேச வருகிறவர்களிடம் எங்கள் தெருவே கேட்கும் முதல் கேள்வி அதுதான். அதே தெருவில் வளர்ந்த நான், கட்டுரைகளிடம் அதைக் கேட்காமல் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டு மூன்று வண்ணத்தில் படமும் வரைந்திருந்தேன். அந்தப் படத்தை அழித்தேன். கொஞ்சம் வலித்தது.

கோளாறு அதோடு நிற்கவில்லை. அறிக்கையில் இல்லாத அந்த வாக்கியம் பின்னே எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஃபைலில் பழைய பழைய வருஷங்களாகப் பின்னோக்கிப் போனேன். மேற்கோள் குறி பிறகுதான் வந்திருந்தது. முதலில் அது மேற்கோளே இல்லை, ஒரு ஆய்வுக் கட்டுரையில் அந்த அறிக்கையைச் சுருக்கிச் சொன்ன வரி. நிபந்தனைகளையெல்லாம் விட்டுவிட்டுச் சுருக்கிய வரி. அந்தக் கட்டுரையைப் பிஎச்.டி. செய்த நாட்களில் எழுதியவர் என் மேடம்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். செமினாருக்கு அவர் கையெழுத்து வேண்டும். சமர்ப்பிக்கவும் அவர் கையெழுத்து வேண்டும். பக்க எண் எங்கே என்று என்னைத் துரத்தியவரும் அவர்தான். அது தன் வரி என்று அவருக்கே ஞாபகமில்லை, இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். நான் என்ன, வேலையில்லாமல் அலைய ஆசைப்பட்டவளா? ஆனால் உண்மையை விட்டுவிட்டால் அத்தியாயமே நிற்காது. வெளித் தேர்வாளர் அந்த அறிக்கையைப் படித்தவராக இருந்தால் முதல் பக்கத்திலேயே என்னைப் பிடித்துவிடுவார்.

அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதினேன். ஒரு அட்டவணையை மூன்றாகப் பிரித்தேன்: அனுமதிக் கணக்கோடு ஒப்பிட்டவை, முழுக் கணிப்போடு ஒப்பிட்டவை, ரசீதைப் பார்த்துத் திருத்தியவை. ஒவ்வொன்றிலும் மீட்டருக்குள் எதெல்லாம் அடக்கம், எந்தப் பரப்பளவு, எதால் வகுத்தது என்று தனித்தனி நெடுவரிசைகள். சராசரி கிடையாது. ஒரே வகையை ஒரே வகையோடு வைத்துப் பார்த்தாலும் இடைவெளி மறைந்துவிடவில்லை. கட்டுமானத்தில் விட்ட குறைகள், நள்ளிரவிலும் ஓடும் ஏசி, கணித்ததைவிட அதிகமான ஆட்கள் என்று நிஜமான காரணங்கள் மிச்சம் இருந்தன. ஆனால் எது நிஜ இடைவெளி, எது ஒப்பீட்டுக் குளறுபடி என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிந்தது. வீடுகளில் சில இடங்களில் மீட்டர் கணிப்பைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் சேர்த்தேன். கணக்கு எல்லா அறைக்கும் மணிக்கணக்கில் ஏசி போடுகிறது. எங்கள் அம்மாவோ அறை கொஞ்சம் குளிர்ந்ததும் அணைத்துவிட்டு மின்விசிறியைப் போடுவாள்.

எல்லாவற்றையும் துணிச்சலாக எழுதிய எனக்கு ஒரு வாக்கியத்தில் மட்டும் கை நின்றது. 'இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சில ஆய்வுகள் அறிக்கையைச் சுருக்கிச் சொல்லியுள்ளன' என்று எழுதி, அந்தச் சில எவை என்று யார் பெயரையும் போடாமல் முற்றுப்புள்ளி வைத்தேன். அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் அத்தியாயம் திரும்பி வந்தது. அம்மாவின் ஏசி பற்றிய வரிக்குப் பக்கத்தில், "உங்கம்மா ரெஃபரன்ஸ் இல்லை. பேப்பர் காட்டு," என்று ஒரு குறிப்பு. இங்கே ஒரு காற்புள்ளி, அங்கே ஒரு எழுத்துப்பிழை. 'சில ஆய்வுகள்' வாக்கியத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கவனிக்கவில்லையா, கவனித்துவிட்டு மௌனமாக இருக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நேரில் பார்த்தபோது நேரத்துக்கு வா என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செமினார் அன்று காலை அம்மா இட்லி வைத்தாள், எனக்கு இறங்கவில்லை.

"ஃபெயிலு போட்டா என்ன செய்வாவ?" என்று கேட்டாள்.

"செம்பூர் வேலை போயிரும்."

அம்மா என் தட்டில் சட்னியை ஊற்றினாள். "போனா போவுது. வேற வேல இல்லாமலா போயிரும்? டென்ஷன் எடுக்காத, சாப்புடு," என்றாள். எனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

தேர்வாளர் புனே பக்கத்து மராட்டிக்காரர், நரைத்த மீசை, கையில் என் அத்தியாயத்தின் அச்சுப் பிரதி. மூன்று அட்டவணைகளையும் நிதானமாகப் புரட்டினார். சராசரி எங்கே என்று கேட்டார். மூன்றும் வேறு வேறு விஷயங்களை அளப்பவை, கூட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை என்றேன். தலையை ஆட்டினார். பரப்பளவு நெடுவரிசையில் விரலை வைத்து, இதை யாரும் எழுதுவதில்லையே என்றார். தப்பித்தேன் என்று நினைத்தேன். உடனே அடுத்த பக்கத்தைத் திருப்பி அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தார்.

"சில ஆய்வுகள் என்றால் எவை? ஒரு பெயரும் இல்லையே. குற்றம் சொல்கிறீர்கள், யாரை என்று சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் இதை எழுத முடியாது. பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்," என்றார் ஆங்கிலத்தில்.

அந்தப் பத்தியை எடுத்தால் மூன்று அட்டவணைகளுக்கும் காரணமே இல்லாமல் போகும், அத்தியாயம் விழும். பெயரைச் சொல்லலாம் என்றால், எனக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரே எதிரே உட்கார்ந்திருக்கிறார். பதில் தேடுகிறவள் மாதிரி என் பிரதியைப் புரட்டினேன்.

"அந்தச் சிலரில் முதல் ஆள் நான்தான்," என்றார் மேடம், அதே ஆங்கிலத்தில், சாதாரணமாக. "என் பிஎச்.டி. காலத்துக் கட்டுரை. நிபந்தனைகளை விட்டுவிட்டுச் சுருக்கினேன். என் மாணவர்கள் அதையே மேற்கோளாக்கி இங்கே பல வருஷம் ஓட்டிவிட்டார்கள். இவள் எழுதியிருப்பது சரி. அறிக்கையை நான் போன வாரம் மறுபடி படித்தேன்."

தேர்வாளர் மீசைக்குள் சிரித்தார். அந்தக் கட்டுரையை நானும் மேற்கோள் காட்டியிருக்கிறேன் மேடம் என்றார். மேடமும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சிறு திருத்தத்தோடு ஏற்கப்பட்டது என்று எழுதித் தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேடம் பின்னால் வந்து நின்றார்.

"உன் டிராஃப்டைப் படிச்சதும் அது என் பேப்பர்னு ஞாபகம் வந்துடுத்து, அப்படி ஒரு கோபம் வந்தது தெரியுமோ? ரெண்டு நாள் உன் மெயிலை மறுபடி திறக்கவே பிடிக்கலை. அப்புறம் போய் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன்."

"நேர்ல சொல்லியிருக்கணும் மேடம். பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் பயமா இல்லையா? அவர் கேக்காம விட்டுடுவார்னு நெனச்சேன். கேட்டுட்டார். நல்லதாப் போச்சு," என்றார். சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தார். "போ, கரெக்ஷனை இன்னிக்கே முடி. நாளைக்குக் கையெழுத்து வாங்கிக்கோ."

அம்மாவுக்கு ஃபோன் செய்து பாஸ் என்றேன். பட்டறையில் இயந்திரச் சத்தம் கேட்டது. "பாஸாம், பாஸாம்," என்று அவள் யாரிடமோ சொல்வதும் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனேன். தேர்வாளர் கேட்ட திருத்தம் ஒன்றே ஒன்றுதான். 'சில ஆய்வுகள்' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் மேடத்தின் பெயரைத் தட்டச்சு செய்தேன். ஆண்டைப் போட்டேன். பக்க எண்ணையும் போட்டேன்.